ஃபுல் அண்ட் ஃபைனல்னு சைன் பண்றதுக்கு முன்னாடி: எது முடியுது, எந்த தேதி வரைக்கும் முடியுது

கேள்வி: அண்ணா, பேரணாம்பட்டுல ஷூ அப்பர் தைக்கிற ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கேன். ஆம்பூர் கம்பெனி ஒன்னு 6 பில்லுக்கு 18,50,000 தரணும், பேசி 15,00,000க்கு முடிச்சிருக்கோம், 3 தவணை. ஒரு செக் பவுன்ஸ் ஆகி குடியாத்தம் கோர்ட்ல கேஸ் நடக்குது. ஜனவரில இருந்து அதே கம்பெனிக்கு புது ஆர்டரும் ஓடுது. செட்டில்மென்ட் டிராஃப்ட் அனுப்பி நாளைக்கே சைன் பண்ணுன்றாங்க. டிராஃப்டும் பில் காப்பியும் போட்டிருக்கேன், எங்கயாவது மாட்டிப்பனா பாத்து சொல்லுங்க.

பதில்:

தம்பி, நாளைக்கு சைன் பண்ணாத, ரெண்டு நாள் டைம் கேளு. தொகையில எனக்கு ஒன்னும் சொல்றதுக்கு இல்ல, அது உங்க ரெண்டு பேர் பேச்சு. ஆனா இந்த டிராஃப்ட்ட இப்படியே போட்டா விட்டுக்குடுக்கறது 3,50,000 மட்டும் இல்ல, ஜனவரில இருந்து தைச்சு குடுத்த சரக்கோட பில்லும் சேந்து போயிடும். யாராவது திட்டம் போட்டு எழுதினாங்களான்னு எனக்கு தெரியாது, பெரும்பாலும் இது பழைய அக்ரிமென்ட்ட எடுத்து பேரையும் நம்பரையும் மாத்துறப்ப வர்றது. வேலூர்ல வக்கீல் ஆபீஸ்ல இந்த மாதிரி பேப்பர படிச்சு சரிபாக்குறதுதான் என் வேலை, இதே ஓட்டைய வேற வேற பேர்ல திரும்ப திரும்ப பாக்குறேன்.

முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கோ. நம்ம ஊர் சட்டத்துல குறைச்ச பணத்த வாங்கினு முழு கடனையும் விட்டுட்டேன்னு சொன்னா அது செல்லும். இந்திய ஒப்பந்த சட்டம் 1872, பிரிவு 63ல இதுக்கு உதாரணமே குடுத்திருக்காங்க, 5,000 ரூபா பாக்கிக்கு 2,000 ரூபாய முழு கணக்குக்கும்னு சொல்லி வாங்கிட்டா மொத்த கடனும் தீந்துது. அதனால ஃபுல் அண்ட் ஃபைனல்ன்ற வார்த்தை சும்மா மரியாதைக்கு போடுறது இல்ல, அது நெஜமாவே உன் பாக்கிய அழிக்கும். அப்ப அது எதை அழிக்குது, எந்த தேதி வரைக்கும் உள்ளதை அழிக்குது, என்னைக்கு அழிக்குது, இந்த மூணுக்கும் பேப்பர் முழுக்க ஒரே பதில் வரணும். உன் டிராஃப்ட்ல மூணுக்கும் பத்திக்கு பத்தி வேற வேற பதில் இருக்குது.

எதை அழிக்குதுன்றத முதல்ல பாப்போம். ஆரம்பத்துல நடந்த கதைய சொல்ற இடத்துல "பில் நம்பர் 41 முதல் 58 வரை, மொத்தம் 18,50,000"ன்னு இருக்குது. கடைசி பக்கத்து அட்டவணைல 41, 44, 47, 52, 58, 61ன்னு ஆறு பில். கால்குலேட்டர எடுத்து கூட்டிப் பாரு, 2,80,000, 3,10,000, 3,40,000, 2,90,000, 3,60,000, இந்த அஞ்சும் சேந்து 15,80,000 தான் வருது. 61ஆம் பில் 2,70,000த்தையும் சேத்தாதான் 18,50,000. அதாவது மேல நம்பர் அஞ்சு பில்லுக்கு, தொகை ஆறு பில்லுக்கு. நாளைக்கு 61 இதுல சேந்ததா இல்லையான்னு சண்டை வந்தா ரெண்டு பக்கமும் ஒரு பத்திய காட்டி பேசலாம், அந்த நிலைமையே வரக்கூடாது. இன்னொன்னு, 52ஆம் பில்லோட தேதி உன் பில் காப்பில 06-09-2024, அட்டவணைல 09-06-2024ன்னு ஏறியிருக்குது. நாளும் மாசமும் இடம் மாறிச்சு. 41ஆம் பில்லே 12-06-2024 தான், அதுக்கு அப்புறம் போட்ட 52 எப்படி 9ஆம் தேதிக்கு போவும்? பில் நம்பர் ஏற ஏற தேதியும் ஏறுதான்னு விரல வச்சு இறங்கினா இந்த மாதிரி தப்பு உடனே கண்ல படும். டைப் பண்றவங்க கம்ப்யூட்டர்ல தேதி ஃபார்மட் மாறி இருந்தா 12க்குள்ள இருக்குற நாளுக்கெல்லாம் இது நடக்கும், 28, 29ன்னு இருந்தா நடக்காது, அதனால சின்ன நம்பர் தேதிங்கள மட்டும் ரெண்டாவது தடவ பாரு.

இப்ப 7ஆம் பத்தி, விடுதலை பத்தி, இதான் ரொம்ப முக்கியமானது. அங்க பில்லும் இல்ல அட்டவணையும் இல்ல, "எந்த வகையானதாக இருந்தாலும், தெரிந்ததோ தெரியாததோ, அமல் தேதி வரை எழுந்த அனைத்து கோரிக்கைகளையும்" நீ விட்டுட்டதா இருக்குது. கதை சொல்ற பத்தி ஆறு பில்ல பத்தி பேசுது, பணம் குடுக்குற பத்தி ஆறு பில்லுக்கு பேசுது, விடுதலை மட்டும் எல்லாத்துக்கும் பேசுது. கோர்ட்ல ஆவணத்த முழுசா சேத்து படிச்சு என்ன உத்தேசம்னு பாப்பாங்கதான், ஆனா வார்த்தை இவ்ளோ அகலமா தெளிவா இருந்தா அத சுருக்கிக் காட்டுற பாரம் உன் தலைலதான் விழும்.

அந்த "அமல் தேதி" என்னன்னு 1ஆம் பத்திக்கு போய் பாத்தா, "கடைசி தவணை செலுத்தப்படும் நாள்"னு இருக்குது. கடைசி தவணை 15-05-2025. சேத்து படி இப்ப. ஜனவரி 20ஆம் தேதி நீ போட்ட 70ஆம் பில் 1,90,000, பிப்ரவரி பில், இனிமே மார்ச் ஏப்ரல்ல போடப்போற பில், எல்லாமே 15-05-2025 வரை எழுந்த கோரிக்கைதான். அன்னைக்கு வரைக்கும் அவங்க அந்த புது பில்லுக்கு பணம் தரலைன்னா, அதையும் நீயே விட்டுட்டன்னு வாதாட பேப்பர்ல இடம் இருக்குது.

இதுல பாவம் என்னன்னா, அமல் தேதிய கடைசி தவணைக்கு தள்ளினது உனக்கு பாதுகாப்புன்னு நினைச்சு பண்ணதா கூட இருக்கலாம். பணம் முழுசா வந்தப்புறம்தான் விடுதலைன்றது சரியான எண்ணம். ஆனா ஒரே தேதிய ரெண்டு வேலைக்கு போட்டுட்டாங்க. விடுதலை என்னைக்கு உயிர் பெறுதுன்றது ஒரு தேதி, எந்த நாள் வரைக்கும் உள்ள கணக்கு அதுக்குள்ள வருதுன்றது வேற தேதி. முதல் தேதிய எவ்ளோ தள்ளினாலும் உனக்கு நல்லது, ரெண்டாவது தேதிய தள்ளத் தள்ள உனக்கு நஷ்டம். இந்த ரெண்டையும் ஒரே பேர்ல போட்டிருக்கான்னு பாக்குறதுதான் இந்த மாதிரி பேப்பர்ல நான் முதல்ல தேடுற விஷயம்.

சரி, ரெண்டாவது தேதிய 31-12-2024ன்னு போட்டுட்டா போதுமான்னு கேப்ப. அதுவும் உனக்கு பத்தாது. உன் 70ஆம் பில் தேதி ஜனவரி 20, ஆனா பில்லுக்கு கீழ இருக்குற டெலிவரி சலான்ல ஒன்னு 26-12-2024. சரக்கு டிசம்பர்ல போயிருக்கு, பில் ஜனவரில போட்டிருக்க. கோரிக்கை எழுந்தது சரக்கு குடுத்த அன்னைக்கா பில் போட்ட அன்னைக்கான்னு ஒரு புது சண்டை கிளம்பும். அதனால காலத்த வச்சு சொல்லாத, பில்ல வச்சு சொல்லு. "அட்டவணையில் உள்ள 6 பில்கள், அவற்றின் மீதான வட்டி, அந்த 6 பில்கள் சம்பந்தமான டெபிட் நோட்டுகள் ஆகியவை மட்டும். பில் நம்பர் 70ம் அதற்குப் பிந்தைய பில்களும், எந்தத் தேதியில் சரக்கு கொடுக்கப்பட்டிருந்தாலும், இந்த ஒப்பந்தத்தில் சேராது." இந்த ஒரே வாசகம் கதை சொல்ற பத்தில, பணம் குடுக்குற பத்தில, விடுதலை பத்தில அப்படியே வரணும், இல்லன்னா ஒரு தடவ "தீர்க்கப்படும் கோரிக்கைகள்"னு பேர் வச்சிட்டு மத்த இடத்துல அந்த பேர மட்டும் போடணும். ஒவ்வொரு இடத்துலயும் புதுசா அழகா எழுத ஆரம்பிச்சா அங்கதான் ஓட்டை விழுது.

வட்டிய பத்தி ஒரு வார்த்தை. சரக்கு குடுக்குறதுக்கு முன்னாடியே உத்யம் பதிவு இருந்தா, 2006 சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல போன பாக்கிக்கு ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்ல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி கேக்கலாம். 15,00,000க்கு ஒத்துக்கிட்டா அதையும்தான் விடுற. விடுறது உன் இஷ்டம், ஆனா டிராஃப்ட்ல வட்டின்ற பேச்சே ஒரு இடத்துல இருக்குது ஒரு இடத்துல இல்ல. விட்டா விட்டேன்னு எழுது, கூடவே தவணை தவறினா வட்டியோட முழு 18,50,000மும் திரும்ப உயிர் பெறும், அதுவரைக்கும் வந்த பணம் கழிச்சுக்கப்படும்னு எழுது. இப்ப டிராஃப்ட்ல தவணை தவறினா என்ன ஆகும்னு ஒரு வரி கூட இல்ல.

அடுத்தது என்னைக்கு அழிக்குது. 1ஆம் பத்திப்படி கடைசி தவணை அன்னைக்கு. 4ஆம் பத்திய படி, "3ஆம் பத்தியில் கண்ட காசோலைகளை முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டார்". காசோலைய பெற்றுக்கொண்டார், பணத்த இல்ல. மூணு போஸ்ட் டேட்டட் செக் கைக்கு வந்த அன்னைக்கே, மார்ச் 15ஆம் தேதி முதல் தவணை வர்றதுக்கு முன்னாடியே, எல்லாம் தீந்துதுன்னு அர்த்தம் பண்ணலாம். அதையும் இதுக்கு முன்ன செக் பவுன்ஸ் ஆன ஒரு கம்பெனிகிட்ட. "மூன்றாவது தவணைத் தொகை இரண்டாம் தரப்பின் வங்கிக் கணக்கில் வரவான நாளில் இருந்து மட்டுமே"ன்னு ரெண்டு பத்திலயும் மாத்த சொல்லு, முடிஞ்சா செக்கே வேணாம், ஆர்டிஜிஎஸ் கேளு.

5ஆம் பத்தி இதைவிட ஆபத்து. அக்ரிமென்ட் தேதில இருந்து 7 நாளுக்குள்ள நீ செக் கேஸ வாபஸ் வாங்கணுமாம். பணம் மே மாசம், கேஸ் வாபஸ் மார்ச் மாசம். செக் கேஸ்ல சமாதானம்னு பதிவாயிட்டா அது அவங்கள குற்றவாளி இல்லன்னு கோர்ட் விட்டதுக்கு சமம், பின்னாடி பணம் வரலைன்னு அதே கேஸ திரும்ப எழுப்ப முடியாது. புது செக் பவுன்ஸ் ஆனா அதுக்கு புது கேஸ் போடலாம்தான், ஆனா நோட்டீஸ்ல இருந்து எல்லாம் முதல்ல இருந்து. 2021ல ஜிம்பெக்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், செட்டில்மென்ட் போட்டப்புறம் பழைய செக்குக்கும் செட்டில்மென்ட் செக்குக்கும் ரெண்டு கேஸ ஒரே நேரத்துல ஓட்டிக்கினு இருக்க முடியாதுன்னு சொல்லிருக்குது. அதனால கேஸ் நடத்துற உன் வக்கீல்கிட்ட காட்டாம இந்த பத்திய தொடாத. நான் பாத்த வரைக்கும் நல்லா வேலை செய்யுற வழி, கேஸ லோக் அதாலத்துக்கு அனுப்பி அங்க இதே தவணைய அவார்டா பதிவு பண்றது. செக் கேஸ்ல வர்ற லோக் அதாலத் அவார்ட சிவில் டிக்ரி மாதிரியே நிறைவேத்தலாம்னு 2011ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, அப்பீலும் கெடையாது.

அந்த பத்திலயே கேஸோட வருஷம் 2024ன்னு இருக்குது. செக் தேதி 15-12-2024, பவுன்ஸ் மெமோ 19-12-2024, நோட்டீஸ் ஜனவரி 6, கேஸ் தாக்கல் பண்ணது 14-02-2025. அப்ப கேஸ் நம்பர் 2025லதான் இருக்கும். செக் தேதிய பாத்துட்டு வருஷத்த ஊகிச்சு போட்டிருக்காங்க. கோர்ட் காப்பிய பக்கத்துல வச்சு நம்பர், செக் நம்பர், பேங்க், தொகை நாலையும் பாத்து ஏத்தணும். இந்த செக் 58ஆம் பில்லுக்கான 3,60,000 தான்னு ஒரு வரி சேரு, இல்லன்னா செக் தொகை தனி, பில் தொகை தனின்னு ஒருத்தர் படிக்கலாம், ரெண்டும் ஒன்னுன்னு இன்னொருத்தர் படிக்கலாம்.

9ஆம் பத்தி: "கணக்கு சரிபார்த்தபின் மீதம் ஏதும் இருப்பின் தனியாகத் தீர்த்துக்கொள்ளப்படும்". இது உனக்கு சாதகமா தெரியும், மிச்சம் கேக்கலாம்னு. அவங்களுக்கும் அதே பத்திதான் தம்பி. உன்மேல 2,10,000க்கு தையல் ரிஜெக்ஷன்னு டெபிட் நோட் போட்டிருக்காங்க இல்ல, டிராஃப்ட்ல அவங்க அத விட்டுட்டதா எங்கயும் இல்ல. விடுதலை ஒரு பக்கம் மட்டும்தான் ஓடுது, நீ அவங்கள விடுற, அவங்க உன்ன விடல. 9ஆம் பத்திய வச்சு 15,00,000 குடுத்தப்புறம் 2,10,000த்த புது பில்லுல கழிச்சா என்ன பண்ணுவ? முழு மற்றும் இறுதின்னு ஒரு பத்தி, மீதம் இருப்பின்னு ஒரு பத்தி, ரெண்டும் ஒரே பேப்பர்ல நிக்கக்கூடாது. 9ஐ எடுத்துடு, 7ஐ ரெண்டு பக்க விடுதலையா மாத்து.

ஜாப் ஒர்க்ல இன்னொன்னும் இருக்குது, பொதுவா அக்ரிமென்ட் எழுதுறவங்களுக்கு இது தோணவே தோணாது. தோல் அவங்களோடது, கட்டிங் பண்ணி சலான்ல உனக்கு அனுப்பறாங்க, நீ தைச்சு திருப்பி அனுப்பற. எத்தன ஜோடி போச்சு, எத்தன ஜோடி வந்துது, எவ்ளோ வேஸ்ட்டுன்னு ஒரு தோல் கணக்கு ஓடுது. பில் தகராறு முடிஞ்சப்புறம் தோல் குறையுதுன்னு ஆரம்பிக்கறது நம்ம பக்கத்துல நிறைய நடக்குது. அந்த 6 பில்லுக்கான சலான்ல போன தோல், நூல், லைனிங், டை எல்லாம் கணக்கு தீந்துதுன்னு அவங்க பக்க விடுதலைல ஒரு வரி வரணும், சலான் நம்பரோட வந்தா இன்னும் நல்லது. உன்கிட்ட அவங்க சாமான் எதாவது இருந்தா இப்பவே திருப்பி குடுத்து கையெழுத்து வாங்கிடு.

டிடிஎஸ் கேட்டு வச்சிக்கோ. பில்ல கணக்குல ஏத்துறப்பவே பிடிச்சிட்டாங்களா, இல்ல தவணைல பிடிப்பாங்களா? 5,00,000 வரணும்னு எழுதிட்டு 4,95,000 வந்தா தவணை வந்ததா வரலையான்னு பேச்சு வரும். "வரிப் பிடித்தம் எதுவும் இன்றி"ன்னோ, பிடிச்சா எவ்ளோன்னோ எழுதிடு. விட்டுக்குடுத்த 3,50,000க்கு ஜிஎஸ்டில கிரெடிட் நோட் போடணுமான்றத ஆடிட்டர்கிட்ட கேளு, 2024-25 பில்லுக்கு அதுக்கு 30-11-2025 வரைக்கும்தான் டைம், அந்த கிரெடிட் நோட்லயும் இதே பில் நம்பர், இதே தேதி வரணும்.

இனி பேப்பரோட தேதி. முதல் பக்கத்துல 28-02-2025ன்னு போட்டு அனுப்பிருக்காங்க. ஸ்டாம்ப் பேப்பர் பின்பக்க ஸ்கேன்ல வெண்டர் எழுதின தேதி 04-03-2025. வாங்காத பத்திரத்துல எப்படி 28ஆம் தேதி எழுதினீங்கன்னு யாராவது கேட்டா மொத்த பேப்பர் மேலயே சந்தேகம் வரும், அப்புறம் தேதிய வச்சு ஓடுற எல்லா கெடுவும் ஆடும், 7 நாள்ன்றது எதுல இருந்து 7 நாள்? ரெண்டு பேரும் சைன் பண்ற அன்னைக்கு தேதிய கையால எழுதுங்க, கையெழுத்துக்கு கீழயும் அவங்கவங்க தேதி போடுங்க, ரெண்டும் வேற நாளா இருந்தா கடைசி கையெழுத்து நாள்தான் ஒப்பந்த தேதின்னு ஒரு வரி இருக்கட்டும். உள்ள "இன்று", "மேற்படி தேதி", "அன்றைய நாள் வரை"ன்னு வர்ற இடத்தையெல்லாம் நேரா தேதியா மாத்து. அட்ரஸ்ல அவங்க ஆம்பூர வேலூர் மாவட்டம்னே போட்டிருக்காங்க, 2019 நவம்பர்ல இருந்து அது திருப்பத்தூர் மாவட்டம். இதால விடுதலை செல்லாம போவாது, ஆனா பழைய பேப்பர்ல இருந்து காப்பி அடிச்சதுக்கு இது அடையாளம், அப்ப மத்த வரியும் பழைய கேஸுக்கு எழுதினதா இருக்கலாம்னு நினைச்சு படி.

நீயே சரிபாக்க ஒரு வழி சொல்றேன், நான் பண்றதும் இதான். பிரின்ட் எடு, ஃபோன்ல படிக்காத. முதல்ல அட்டவணைய அசல் பில்லோட ஒப்பிட்டு சரி பண்ணு, ஏன்னா மத்த எல்லாம் அதுமேலதான் நிக்குது. அப்புறம் முதல் பக்கத்துல இருந்து தேதிய மட்டும் ஒரு கலர்ல வட்டம் போட்டுக்கினு போ, வேற எதையும் படிக்காத. அடுத்த தடவ தொகைய மட்டும், எண்ணும் எழுத்தும் ஒன்னான்னு. மூணாவது தடவ கோரிக்கை, பாக்கி, பில், கணக்கு, தகராறுன்னு வர்ற எல்லா வார்த்தையையும் வட்டம் போட்டு, ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல இது ஆறு பில்லா, எல்லா பில்லான்னு எழுது. உன் டிராஃப்ட்ல 7ஆம் பத்தில மட்டும்தான் எல்லா பில்லும்னு எழுத வேண்டி வரும், அது ஒன்னு மட்டும் தனியா நிக்கிறது அப்பவே தெரிஞ்சிடும்.

அப்புறம் மெரட்டி வாங்கினாங்கன்னு சொல்லிக்கலாமேன்னு சில பேர் தைரியம் சொல்வாங்க. 2008ல போகாரா பாலிஃபேப் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், நெருக்கடி குடுத்து வாங்கின முழு தீர்வு ரசீது கோரிக்கைய தானா அடைச்சிடாதுன்னு சொன்னது உண்மைதான். ஆனா நெருக்கடிய நீதான் நிரூபிக்கணும், ரெண்டு பேரும் உக்காந்து பேசி, 15,00,000க்கு ஒத்துக்கினு, வாட்ஸ்அப்ல டிராஃப்ட் வாங்கி படிச்ச உனக்கு அது ரொம்ப கஷ்டம்.

கம்பெனிக்கு இப்படி மெயில் போடு: தொகையும் தவணையும் சம்மதம், 1, 4, 5, 7, 9 பத்திங்கள்லயும் அட்டவணைலயும் திருத்தம் இருக்குது, திருத்தின காப்பி இணைச்சிருக்கேன்னு. தொகைய மாத்தலன்றத முதல் வரிலயே சொல்லிட்டா அவங்க பயப்பட மாட்டாங்க, வழக்கமா ஒத்துக்குவாங்க. தவணை வர்றப்ப ஒவ்வொரு தடவையும் ரசீது கேப்பாங்க, முதல் ரெண்டுக்கும் "பகுதித் தொகை, ஒப்பந்தப்படி முதல் தவணை", "இரண்டாம் தவணை"ன்னு மட்டும் குடு, அவங்க அக்கவுண்ட்ஸ்ல அச்சடிச்சு வச்சிருக்குற ஃபுல் செட்டில்மென்ட் ரசீதுல கையெழுத்து போடாத. அந்த வார்த்தை மூணாவது தவணை உன் பேங்க் ஸ்டேட்மென்ட்ல ஏறினப்புறம் குடுக்குற ரசீதுல மட்டும் வரட்டும், அதுலயும் ஆறு பில் நம்பரையும் எழுதி.